பிளாங்கில் வரும் பேய் பீக்: மொபைல் ஃபேஸா, நீடில் வாஷா, கொலமா?

எச்பிஎல்சி பிளாங்கில் பீக் வந்தால் லேபில் வழக்கமாக நடப்பது இதுதான். மொபைல் ஃபேஸைக் கொட்டிவிட்டுப் புதிதாகத் தயாரிப்பார்கள், கொலத்தை மாற்றுவார்கள், நீடில் வாஷ் பாட்டிலையும் மாற்றுவார்கள். எல்லாம் ஒரே மதியத்தில். பீக் போய்விடும். மூன்று வாரம் கழித்து அதே பீக் வந்து நிற்கும். முதல் தடவை அது எதனால் போனது என்று யாருக்கும் தெரியாது. விசாரணை அறிக்கையில் "மூல காரணம்" என்ற கட்டத்தில் எதை எழுதுவது என்று அப்போதுதான் உட்கார்ந்து யோசிப்பார்கள்.

(பேச்சில் நாம் 'காலம்' என்றுதான் சொல்கிறோம். அப்படியே எழுதினால் நேரத்தோடு குழம்பும். அதனால் இங்கே 'கொலம்'.)

நான் மல்லுக்கட்டிய ஒரு கேஸை வைத்தே சொல்கிறேன். ஒரு மூலமருந்துக்கான ரிலேட்டட் சப்ஸ்டன்ஸ் முறை. மருந்து காரத்தன்மை உள்ளது. சி18 கொலம், 150 மி.மீ. நீளம், 4.6 மி.மீ. உள்விட்டம். A பாட்டிலில் பி.எச் 3.0 பாஸ்பேட் பஃபர், B பாட்டிலில் அசிட்டோநைட்ரைல். நிமிடத்துக்கு 1 மி.லி. ஓட்டம், 5% B-யில் தொடங்கி 20 நிமிடத்தில் 70% வரை கிரேடியண்ட், பிறகு 5%-க்குத் திரும்பி 10 நிமிடம் சமநிலை. டிடெக்டர் 210 நானோமீட்டரில். அந்த அலைநீளத்தில் உலகத்தில் உள்ள அழுக்கு எல்லாமே தெரியும்.

சாம்பிளில் மருந்தின் பீக் 9.8 நிமிடத்தில், ஏரியா சுமார் 60,00,000. அதற்குப் பின் போட்ட பிளாங்கில் இரண்டு பீக்குகள் இருந்தன. ஒன்று 9.8 நிமிடத்தில், ஏரியா 7,200, அதாவது 0.12%. இன்னொன்று 16.4 நிமிடத்தில், 8,400, அதாவது 0.14%. நாளுக்கு 2 கிராம் வரை உட்கொள்ளும் மருந்துக்கு ஐசிஎச் கியூ3ஏ வழிகாட்டியில் மாசுகளைக் கணக்கில் காட்டவேண்டிய வரம்பு 0.05%. இரண்டுமே அதைத் தாண்டின. போதாக்குறைக்கு 16.4-க்குப் பக்கத்திலேயே உண்மையான ஒரு மாசும் வெளிவரும்.

முதலில் ஊசியே போடாமல் ஓட்டுங்கள்

எதையும் மாற்றுவதற்கு முன் செய்யவேண்டியது இந்த ஒரு ஓட்டம். அதே கிரேடியண்ட், அதே நேரம், ஆனால் இன்ஜெக்ஷன் கிடையாது. இன்ஜெக்டர் வால்வு திரும்பவே கூடாது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. சில மென்பொருள்களில் இன்ஜெக்ஷன் அளவை 0 என்று கொடுத்தாலும் ஊசி குப்பிக்குள் இறங்கும், வால்வும் திரும்பும். அது நமக்கு வேண்டிய சோதனை அல்ல. ஆட்டோசாம்ப்ளர் முன்னால் நின்று ஊசி அசைகிறதா என்று ஒரு தடவை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

ஊசி போடாமலேயே பீக் வந்தால், குற்றவாளி பம்ப் பக்கமோ கொலத்திலோ இருக்கிறது. வராமல் போனால் இன்ஜெக்டர், டைலூயன்ட், குப்பி ஆகிய மூன்றில் ஒன்று. எங்கள் கேஸில் 9.8 காணாமல் போனது, 16.4 அப்படியே இருந்தது. ஒரே குரோமட்டோகிராமில் இருந்தாலும் இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள் என்று அரை மணி நேரத்தில் தெரிந்துவிட்டது. அதுவரை இரண்டையும் ஒரே காரணத்தில் மாட்டப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

அறிகுறி: ஊசி இல்லாமலும் வருகிறது, காத்திருந்தால் பெரிதாகிறது

ரிவர்ஸ் ஃபேஸ் கிரேடியண்டில் கோஸ்ட் பீக் வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் A பாட்டில்தான். 5% B-யில் சமநிலைப்படுத்தும்போது கொலத்துக்குள் போவது பெரும்பாலும் தண்ணீர். அதில் கொழுப்புத்தன்மை உள்ள கரிமப்பொருள் துளி இருந்தாலும் கொலத்தின் தலைப்பகுதியில் ஒட்டிச் சேர்ந்துகொண்டே இருக்கும். கிரேடியண்ட் ஏறி அசிட்டோநைட்ரைல் போதுமான அளவுக்கு வந்ததும், சேர்ந்தது எல்லாம் மொத்தமாகக் கிளம்பி அழகான கூர்மையான பீக்காக வரும். யாரோ ஊசி போட்ட மாதிரியே இருக்கும்.

இதை உறுதிசெய்ய சமநிலை நேரத்தை மாற்றிப் பாருங்கள். ஊசி போடாத ஓட்டங்களையே 10, 20, 30 நிமிட சமநிலையோடு ஓட்டினோம். 16.4 பீக்கின் ஏரியா முறையே 8,400, 13,600, 18,900. நேரம் மூன்று மடங்கானாலும் ஏரியா மூன்று மடங்காகவில்லை என்று ஒரு நண்பர் ஆட்சேபித்தார். ஆகவும் ஆகாது. சமநிலை முடிந்து கிரேடியண்ட் தொடங்கிய பிறகும், முதல் சில நிமிடங்களுக்கு A-தான் அதிகமாகப் போகிறது, அப்போதும் அழுக்கு சேர்கிறது. அந்தப் பங்கு எல்லா ஓட்டத்துக்கும் பொது. ஆகவே பார்க்கவேண்டியது மடங்கு அல்ல. ஒவ்வொரு கூடுதல் 10 நிமிடத்துக்கும் ஏரியா ஏறக்குறைய ஒரே அளவு கூடுகிறதா என்பதுதான். இங்கே 5,200, பிறகு 5,300. சந்தேகமே இல்லை, A வழியாகத்தான் வருகிறது.

B பாட்டிலின் அழுக்கு பொதுவாக இப்படி நடந்துகொள்ளாது. சமநிலையின்போது அதிலிருந்து 5% மட்டுமே போவதால் கொலத்தில் பெரிதாகச் சேர வாய்ப்பில்லை. B சதவீதம் ஏற ஏற பேஸ்லைன் மேடாக எழும்புவதுதான் அதன் வழக்கம்.

இங்கே பலரும் ஏமாறுகிற ஒரு இடம் உண்டு. காலையில் முதல் பிளாங்கில் பீக் பெரிதாகவும், அடுத்ததில் சின்னதாகவும், மூன்றாவதில் அதே சின்ன அளவாகவும் வரும். "குறைந்துகொண்டு வருகிறது, கேரிஓவர்தான்" என்று முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில், முதல் ஓட்டத்துக்கு முன் கருவி ஒரு மணி நேரம் 5% B-யில் சும்மா ஓடிக்கொண்டிருந்திருக்கும். அவ்வளவு நேரம் சேர்ந்த அழுக்கு முதல் பிளாங்கில் வந்துவிட்டது. மதியம் சாப்பிடப் போகும்போது பம்பை ஓடவிட்டுவிட்டுப் போங்கள், திரும்பி வந்து போடும் பிளாங்கில் மறுபடியும் பெரிதாக வரும். கேரிஓவர் அப்படித் தானாக வளராது.

சரி, A-யில் எது? தண்ணீரா, உப்பா, வடிகட்டியா, பாட்டிலா? ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றவேண்டும். நாங்கள் கடையில் வாங்கிய எச்பிஎல்சி தரத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து, அதே உப்பு, அதே அமிலம், அதே மெம்பிரேன் வடிகட்டி கொண்டு பஃபர் தயாரித்தோம். பீக் 900-க்கு இறங்கியது. உப்பும் வடிகட்டியும் ஒரே அடியில் விடுதலை. இப்படிச் சோதிக்கும்போது மறக்கக்கூடாத ஒன்று: டீகேஸருக்குள்ளும் குழாய்களிலும் பழைய A தங்கியிருக்கும். நிமிடத்துக்கு 5 மி.லி. வேகத்தில் ஐந்து நிமிடம் பர்ஜ் செய்து, முதல் இரண்டு கிரேடியண்டைக் கணக்கில் எடுக்காமல் விடுங்கள். இல்லாவிட்டால் நல்ல தண்ணீரையும் குற்றவாளி ஆக்கிவிடுவீர்கள்.

அப்படியானால் எங்கள் சுத்திகரிப்புக் கருவியின் தண்ணீர். அதன் திரையிலோ 18.2 மெகாஓம் என்று கம்பீரமாகக் காட்டுகிறது. அந்த எண் அயனிகள் இல்லை என்பதை மட்டும்தான் சொல்லும். மின்னூட்டம் இல்லாத கரிமப்பொருள் எவ்வளவு இருந்தாலும் அது கண்டுகொள்ளாது. அதற்குத் தனியாகப் பார்க்கவேண்டியது மொத்தக் கரிம கார்பன், அதாவது டிஓசி. அதுவும் 5 பிபிபிக்குக் கீழேதான் காட்டியது. பிறகுதான் ஒருவர் கவனித்தார்: பெரிய கேனை நிரப்பும்போது கையில் பிடித்துக்கொண்டு நிற்கவேண்டாமே என்று, தண்ணீர் வரும் வாயில் யாரோ ஒன்றரை அடி நீளத்துக்கு வளையும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றைச் செருகியிருந்தார்கள். கருவியின் அளவுமானி எல்லாம் அந்தக் குழாய்க்கு முன்னால். குழாயைக் கழற்றி, முதல் ஒரு லிட்டரைக் கொட்டிவிட்டு, கண்ணாடி பாட்டிலில் நேராகப் பிடித்துப் போட்டோம்: 1,000. குழாயோடு மறுபடியும் பிடித்துப் பார்த்தோம்: 8,100. மென்மையான பிளாஸ்டிக் குழாயில் சேர்க்கும் பிளாஸ்டிசைசர் தண்ணீரில் இறங்கும், இரவெல்லாம் குழாயில் தேங்கிய தண்ணீரில் இன்னும் அதிகமாக இறங்கும்.

குழாய் இல்லாத இடங்களில் அடுத்து நான் சந்தேகப்படுவது சோப்புப் போட்டுக் கழுவிய பாட்டிலையும், நாலைந்து நாள் வெளியே வைத்த பாஸ்பேட் பஃபரையும். பின்னதில் பாக்டீரியா குடிவந்துவிடும். பழைய பஃபரின் மேல் புதியதை ஊற்றி நிரப்பும் பழக்கம் இருந்தால், நிறுத்துங்கள்.

பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் நடுவே கோஸ்ட் பீக்கைப் பிடிக்கும் டிராப் கொலம் போட்டுவிடலாமே என்பார்கள். சோதனைக்கு அது நல்ல கருவி. அதைப் போட்டதும் பீக் போய்விட்டால் மொபைல் ஃபேஸ்தான் என்று உறுதியாகும். ஆனால் நிரந்தரமாக வைத்தால் கிரேடியண்ட் கொலத்தை அடையும் நேரம் தள்ளிப்போகும், பீக்குகளின் நேரமும் நகரும். அது ஒருநாள் நிரம்பியும் போகும்.

அறிகுறி: ஊசி போட்டால் மட்டும், மருந்தின் நேரத்திலேயே, பிளாங்குக்குப் பிளாங்க் குறைகிறது

இப்போது 9.8-க்கு வருவோம். சாம்பிள் ஒன்று போட்டு, அதற்குப் பின் தனித்தனிக் குப்பிகளிலிருந்து மூன்று பிளாங்க் போடுங்கள். ஒரு பிளாங்கை மட்டும் பார்த்துக் கேரிஓவரைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. எப்படிக் குறைகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எங்களுக்கு 7,200, 900, பிறகு சுமார் 600 வந்தது. முதலில் எட்டு மடங்கு சரிவு, பிறகு நகராத ஒரு வால். வேகமாகச் சரிவது கழுவப்படாமல் தங்கிய திரவத்தின் குணம். மெதுவாக விடும் வால், எங்கோ ஒரு பரப்பில் ஒட்டியிருப்பது.

அடுத்த கேள்வி: ஊசியின் வெளிப்புறமா, உள்வழியா? இதற்கு ஒரு எளிய சோதனை உண்டு, ஏனோ பலர் செய்வதில்லை. சாம்பிளுக்கு அடுத்து ஊசி இறங்கிய அந்த முதல் பிளாங்க் குப்பியைத் தூக்கிப் போடாதீர்கள். நாலைந்து பிளாங்க் ஓட்டிக் கருவி சுத்தமான பிறகு, அதே குப்பியிலிருந்து மறுபடியும் ஊசி போடுங்கள். பீக் திரும்ப வந்தால், ஊசி தன் வெளிப்புறத்தில் மருந்தைச் சுமந்துபோய் அந்தக் குப்பிக்குள்ளேயே கலந்துவிட்டது என்று அர்த்தம். பீக் வராவிட்டால் குப்பி சுத்தம், மருந்து நீடில் சீட்டிலோ ரோட்டர் சீலிலோ இருந்திருக்கிறது. கணக்கும் ஒத்துவரும். ஊசியின் வெளியே ஒட்டிய சாம்பிள் வெறும் 1 மைக்ரோலிட்டர் என்றாலும், 1.5 மி.லி. குப்பியில் கலந்தால் 1,500-ல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.07%. கண்ணுக்கே தெரியாத ஒரு படலம் நம் வரம்பைத் தாண்டிவிடும்.

எங்கள் குப்பியில் பீக் 6,500 அளவில் திரும்பி வந்தது. வெளிப்புறம்தான். நீடில் வாஷ் பாட்டிலைப் பார்த்தால் 90% தண்ணீர், 10% அசிட்டோநைட்ரைல். எப்போதோ வேறு ஒரு முறைக்காக வைத்தது, அப்படியே நிலைத்துவிட்டது. எங்கள் மருந்து அதில் சரியாகக் கரையவே கரையாது. நீடில் வாஷுக்கு விதி ஒன்றுதான்: சாம்பிளை நன்றாகக் கரைக்கும் திரவமாக இருக்கவேண்டும். காரத்தன்மை உள்ள மருந்துக்குக் கொஞ்சம் அமிலம் சேர்த்தால் அது உப்பாகி எளிதில் கழன்றுவிடும். மெத்தனாலும் தண்ணீரும் சரிபாதி, அதில் 0.1% பாஸ்பாரிக் அமிலம் என்று மாற்றினோம். முதல் பிளாங்க் 7,200-லிருந்து 600-க்கு வந்தது.

இன்னும் நன்றாகக் கழுவட்டும் என்று சுத்த அசிட்டோநைட்ரைல் வைக்கத் தோன்றும். பாஸ்பேட் பஃபர் ஓடும் கருவியில் அதைச் செய்யாதீர்கள். நீடில் சீட்டில் இருக்கும் பஃபரோடு சேர்ந்ததும் உப்பு படிந்துவிடும், பிறகு கசிவு, கீறல், இன்னும் மோசமான கேரிஓவர். அதே மாதிரி, சில ஆட்டோசாம்ப்ளர்களில் வாஷ் என்பது ட்ரேயில் இருக்கும் ஒரு சாதாரணக் குப்பிதான். ஒவ்வொரு தடவையும் ஊசி தன் அழுக்கை அங்கே கொஞ்சம் விட்டுவிட்டு வரும். நூறு ஊசிக்குப் பிறகு அது வாஷ் இல்லை, நீர்த்த சாம்பிள். ஒவ்வொரு சீக்வென்ஸுக்கும் அதைப் புதிதாக வையுங்கள்.

அந்த 600 வால் ரோட்டர் சீலில் இருந்தது. 0.01% என்பதால் விட்டுவைத்தோம். அடுத்த பராமரிப்பில் திறந்தபோது சீலில் நகத்தால் தொட்டால் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். மாற்றியதும் அதுவும் போனது.

அறிகுறி: ஊசி போட்டால் வருகிறது, ஆனால் குறையவே இல்லை

மூன்று பிளாங்கிலும் 7,200, 7,000, 7,300 என்று வந்தால் அது கேரிஓவரே அல்ல. இன்ஜெக்ஷன் அளவை 5, 10, 20 மைக்ரோலிட்டர் என்று மாற்றிப் போடுங்கள். அளவோடு சேர்ந்து பீக்கும் இரட்டித்தால் அழுக்கு குப்பிக்குள் இருக்கும் திரவத்தில்தான் இருக்கிறது: டைலூயன்ட், அதை ஊற்றிய ஃபிளாஸ்க், சிரிஞ்ச் வடிகட்டி, அல்லது செப்டம். டைலூயன்டைப் பாட்டிலிலிருந்து நேராகப் புதுக் குப்பியில் ஊற்றிப் பார்த்தால் இதில் பாதி தீர்ந்துவிடும். ஒரே குப்பியில் பத்து தடவை குத்தும்போது பீக் வளர்ந்துகொண்டே போனால், செப்டம் துண்டாகி உள்ளே விழுகிறது. அளவை மாற்றியும் பீக் மாறாவிட்டால், வாஷ் திரவமே அழுக்காகி ஊசியோடு உள்ளே வருகிறதா என்று பாருங்கள்.

அறிகுறி: ஊசி இல்லாமலும் வருகிறது, ஆனால் காத்திருந்தாலும் வளரவில்லை

இதுதான் கொலத்தின் அடையாளம். அடர்த்தியான சாம்பிளுக்குப் பின் ஊசி போடாத ஓட்டத்தை மூன்று தடவை போட்டால் பீக் ஒவ்வொன்றாகக் குறையும், சமநிலை நேரத்தை நீட்டினால் கூடாது. சாம்பிளில் ஒரு பகுதி கொலத்தின் தலையிலோ, ஃபிரிட்டிலோ, கார்டு கொலத்திலோ மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கிரேடியண்டிலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கழன்று வருகிறது. கார்டு கொலம் இருந்தால் முதலில் அதை மட்டும் கழற்றிப் பாருங்கள். அநேகமாக அங்கேயே முடிந்துவிடும், பெரிய கொலத்துக்குச் செலவழிக்கவேண்டியதில்லை.

கொலத்தையே கழுவவேண்டுமென்றால், உப்பை வெளியேற்ற முதலில் 10% அசிட்டோநைட்ரைல் கலந்த தண்ணீர், பிறகுதான் சுத்த அசிட்டோநைட்ரைல். அதற்கும் மசியாவிட்டால் ஐசோபுரோபனால். அது பிசுபிசுப்பானது, ஓட்டத்தை நிமிடத்துக்கு 0.3 மி.லி. அளவுக்குக் குறைக்காவிட்டால் அழுத்தம் எகிறும். இந்த அளவுக் கொலத்துக்குள் இருக்கும் திரவம் சுமார் 1.6 மி.லி. என்பதால் 20 கொள்ளளவு என்பது 30 மி.லி.க்குச் சற்று மேல். இரவு முழுவதும் ஓட்டித் திரவத்தை வீணாக்க வேண்டாம்.

அறிகுறி: ஐசோகிரேட்டிக் ஓட்டத்தில் அகலமான மேடு

கிரேடியண்ட் இல்லாத முறைகளில் வரும் பேய் பெரும்பாலும் முந்தைய ஊசியின் மிச்சம். சாம்பிளில் தாமதமாக வரும் ஏதோ ஒன்று, ஓட்டம் முடிந்த பிறகும் கொலத்துக்குள் நடந்துகொண்டிருக்கும், அடுத்த பிளாங்கின் நடுவில் வெளியே வரும். அகலமே அதைக் காட்டிக்கொடுக்கும். ஐசோகிரேட்டிக்கில் பீக்கின் அகலம் அதன் நேரத்துக்கு ஏற்றபடி கூடும். கொலத்தின் திறன் 10,000 பிளேட் என்றால் அடி அகலம் நேரத்தில் 4%:

```
w = 4 × tR / √N
N = 10000  →  w = 0.04 × tR
```

பிளாங்கில் 5 நிமிடத்தில் ஒரு பீக், அடி அகலம் 0.6 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். உண்மையிலேயே 5 நிமிடப் பீக்காக இருந்தால் 0.2 நிமிடம்தான் இருக்கவேண்டும். 0.6-ஐ 0.04-ஆல் வகுத்தால் 15. ஊசிக்கும் ஊசிக்கும் இடைவெளி 10 நிமிடம் என்றால், இது முந்தைய ஊசியின் 15-ஆவது நிமிடத்துப் பீக். சாம்பிளைப் போட்டு ஓட்டத்தை 20 நிமிடத்துக்கு நீட்டிப் பாருங்கள், 15-ல் வந்து நிற்கும். அது வந்துவிட்டால் நீடில் வாஷையோ மொபைல் ஃபேஸையோ தொடவேண்டிய வேலையே இல்லை. ஓட்ட நேரத்தை நீட்டுவதா, கடைசியில் B-யை உயர்த்திக் கழுவும் ஒரு படியைச் சேர்ப்பதா என்பது மட்டும்தான் பாக்கி. இரண்டாவதைச் செய்தால் முறையை மறுபடி சரிபார்த்துக் காட்டவேண்டி வரும் என்பதால், பல லேபுகளில் ஓட்ட நேரம்தான் நீள்கிறது.